எந்தப் பங்கு என்பதற்கு முன், எவ்வளவு என்பது

கேள்வி: வயது 36. தனியார் வங்கி ஒன்றில் வேலை. பங்குகளில் மொத்தம் 20 லட்சம் இருக்கிறது. அதில் 8 லட்சம் எங்கள் வங்கியின் பங்கிலேயே. மீதி ஐந்து கம்பெனிகளில். 15, 20 வருடத்துக்கு எடுக்கப் போவதில்லை. நல்ல கம்பெனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதாதா? எல்லோரும் ஏன் "பிரித்துப் போடு, ஒன்றில் அதிகம் வைக்காதே" என்றே சொல்கிறார்கள்?

போதாது. நல்ல நிறுவனத்தை அடையாளம் காணும் திறமை வீண் என்று நான் சொல்லவில்லை. அந்தத் திறமை எட்டக்கூடிய தூரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. இருபது ஆண்டு முதலீட்டின் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அந்த எல்லைக்கு அப்பால் நடக்கும் சங்கதிகள்தான்.

எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட சத்யம் கம்ப்யூட்டர்ஸைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2008 செப்டம்பரில் ஒருவர் அந்தப் பங்கை எவ்வளவு கவனமாக ஆராய்ந்திருந்தாலும் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய செய்திகள் இவை: சென்செக்ஸிலும் நிஃப்டியிலும் இடம்பெற்ற நிறுவனம், நியூயார்க் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டது, உலகப் புகழ்பெற்ற தணிக்கைக் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் கணக்கைச் சரிபார்க்கிறது, கையில் ஏராளமான ரொக்கம், கடன் அதிகமில்லை. அந்த மாதத்தில்தான் சிறந்த நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருதும் அதற்குக் கிடைத்தது. 2009 ஜனவரி 7 அன்று நிறுவனர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் வெளியானது. கணக்கில் காட்டப்பட்ட ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதில் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். ஏறக்குறைய 180 ரூபாயாக இருந்த பங்கு அன்று மாலை 40 ரூபாய்க்கு அருகில் முடிந்தது. மூன்று வாரங்களுக்கு முன்பு, டிசம்பரில், ராஜு குடும்பத்தின் மேட்டாஸ் நிறுவனங்களை சத்யம் வாங்கப்போவதாக அறிவித்துப் பின்வாங்கியபோது ஓர் எச்சரிக்கை கிடைத்தது உண்மைதான். ஆனால் அதிலிருந்து "நிர்வாகம் சரியில்லை" என்று சொல்லியிருக்கலாமே தவிர, வங்கியில் இருப்பதாகச் சொன்ன பணமே இல்லை என்று வெளியில் இருந்த எந்த முதலீட்டாளரும் சொல்லியிருக்க முடியாது. நாம் செய்யும் ஆராய்ச்சி எல்லாம் வெளியிடப்பட்ட கணக்கின் மேல் கட்டப்படுவது. அந்தக் கணக்கே பொய் என்றால், முதலீட்டாளர் தன் கையில் வைத்திருந்த முடிவு ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பங்கில் எவ்வளவு வைத்திருந்தார் என்பது.

இது சரிவின் பக்கம். இதே அறியாமை ஏற்றத்தின் பக்கமும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்ட்ரிக் பெசெம்பிண்டர், 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் இடம்பெற்ற சுமார் 25,000 நிறுவனங்களின் பங்குகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தன் ஆயுள் முழுவதிலும் முதலீட்டாளருக்கு என்ன கொடுத்தது என்று கணக்கிட்டார். பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் அரசின் ஒரு மாதக் கருவூலப் பத்திரம் கொடுத்த வருமானத்தைக்கூடத் தரவில்லை. அந்தப் பத்திரங்களுக்கு மேலாகச் சந்தை உருவாக்கிய மொத்தச் செல்வமும் ஏறத்தாழ 4 சதவீத நிறுவனங்களிலிருந்து வந்தது. மீதி 96 சதவீதத்தையும் கூட்டிப் பார்த்தால் அவை கருவூலப் பத்திரத்தோடு சமமாகத்தான் நின்றன. சந்தை நீண்ட காலத்தில் உயர்கிறது என்று நாம் சொல்வது உண்மை. ஆனால் அது சராசரியைப் பற்றிய உண்மை. சராசரியை மேலே இழுப்பவை மிகச் சில பங்குகள். நீங்கள் கையில் எடுக்கும் ஒரு தனிப் பங்கு அந்தச் சராசரியைத் தொடாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

இதை ஆய்வாகப் படிப்பதற்கு முன்பே ஒரு தகரப் பெட்டியில் பார்த்திருக்கிறேன். என் பெரியப்பா காலமான பிறகு அவருடைய காகிதப் பங்குச் சான்றிதழ்களை வாரிசுகள் பெயருக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. தொண்ணூறுகளில் வாங்கியவை, இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள், ஒவ்வொன்றும் நூறு நூறு பங்குகள், ஓரம் பழுத்த தாள்களில். பெரியப்பா விவரம் தெரிந்தவர். ஆண்டறிக்கைகளில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். பாதிக்கு மேல் நிறுவனங்கள் சந்தையிலேயே இல்லை. சிலவற்றுக்குக் கடிதம் போட்டால் முகவரியில் யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. நாலைந்து ஏதோ ஒரு விலையில் இருந்தன. ஒரே ஒரு நிறுவனத்தின் நூறு பங்குகள், போனஸும் பிரிப்பும் சேர்ந்து பல மடங்காகி, பெட்டியில் இருந்த அத்தனை தாள்களுக்கும் போட்ட முதலைத் தனியாகவே பலமுறை திருப்பிக் கொடுத்திருந்தன. அவர் பென்சிலால் அதிகம் கோடு போட்டிருந்தது அந்த நிறுவனத்தின் அறிக்கையில் அல்ல.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள்; ஆனால் வடிவம் மேலே சொன்னதுதான். 20 பங்குகளில் தலா 1 லட்சம் போடுகிறோம். இருபது ஆண்டு கழித்து 3 பங்குகள் பூஜ்ஜியமாகின்றன. 7 பங்குகள் சராசரியாக 70 ஆயிரத்தில் நிற்கின்றன. 6 பங்குகள் மூன்று மடங்காகின்றன. 3 பங்குகள் பத்து மடங்காகின்றன. ஒன்று மட்டும் அறுபது மடங்காகிறது. மொத்தம் ஏறக்குறைய 113 லட்சம். ஆண்டுக்குச் சுமார் 9 சதவீதம். பாதிப் பங்குகளில் நஷ்டம் கண்ட ஒரு கூடைக்கு இது நல்ல முடிவு. அந்த ஒரே ஒரு பங்கை மட்டும் கூடையிலிருந்து எடுத்துவிட்டால் வருமானம் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் வந்து நிற்கும்.

இப்போது, இருபதையும் வாங்காமல் இவற்றில் "நல்ல" நான்கை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அந்த அறுபது மடங்குப் பங்கு அவரிடம் இருக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. மேலே உள்ள நான்கு பெரிய பங்குகளில் ஒன்றுகூட அவரிடம் இல்லாமல் போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் அதிகம். அப்படி அவை நான்கும் தவறிப்போனவர்களின் பணம் இருபது ஆண்டில் சராசரியாக ஒன்றரை மடங்குகூட ஆகியிருக்காது. அஞ்சலகச் சேமிப்பில் போட்டிருந்தால்கூட அதைவிட அதிகம் கிடைத்திருக்கும். அவருக்கு அசாதாரணமான திறமை இருந்து, பெரிய பங்கைப் பிடிக்கும் வாய்ப்பை இரண்டு மடங்காக்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஐந்தில் மூன்று முறை அது கைநழுவும். இருபதையும் வாங்கியவருக்கு எந்தத் திறமையும் இல்லாமலேயே அது கிடைத்துவிடுகிறது. பிரித்துப் போடுவதை நஷ்டத்துக்கு எதிரான காப்பாக மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். பெரிய வெற்றி எங்கிருந்து வரும் என்று தெரியாததால், அது வரக்கூடிய இடங்களில் எல்லாம் நாம் ஏற்கெனவே இருந்தாக வேண்டும்.

அடுத்தது அளவு. உங்கள் துறை என்பதால் ஒரு வங்கியையே எடுத்துக்கொள்கிறேன். யெஸ் பேங்க் பங்கு 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்டது. செப்டம்பரில், தலைமை நிர்வாகி ராணா கபூரின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி ஜனவரியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்ன செய்தி வந்ததும் ஒரே நாளில் சுமார் 29 சதவீதம் விழுந்தது. பிறகு கொஞ்சம் தேறியது. புதிய தலைவர் வந்தார், விலை 250 ரூபாயைத் தாண்டியது. 2019 ஏப்ரல் இறுதியில் வங்கி தன் முதல் காலாண்டு நஷ்டத்தை அறிவித்தபோது மறுபடியும் ஒரே நாளில் ஏறத்தாழ அதே அளவு சரிவு. ஆண்டு நடுவில் 100 ரூபாய், ஆண்டு முடிவில் 50 ரூபாய்க்கும் கீழே. 2020 மார்ச் 5 மாலை, வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை விதித்தது. மறுநாள் பங்கு சுமார் 16 ரூபாயில் முடிந்தது.

இரண்டு பேர் 2018 ஆகஸ்டில் இதே பங்கை 400 ரூபாய்க்கு வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரிடமும் மொத்த முதலீடு 20 லட்சம். இருவரும் போட்டது 1 லட்சம், அதாவது 5 சதவீதம், 250 பங்குகள். தேர்வில் இருவரும் செய்த பிழை ஒன்றே.

முதலாமவர், ஒரு நிறுவனத்தில் போடும் பணம் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தார். விலை விழுந்தபோது மேற்கொண்டு வாங்கவில்லை. விற்கவும் இல்லை, அப்படியே விட்டுவிட்டார். 2020 மார்ச் 6 அன்று அவருடைய 250 பங்குகளின் மதிப்பு 4,000 ரூபாய். நஷ்டம் 96,000. மீதிப் பணம் மாறாமல் இருந்தது என்று கொண்டால், அவரிடம் இப்போது 19.04 லட்சம்.

இரண்டாமவர் "ஆவரேஜ்" செய்தார். 200 ரூபாயில் இன்னும் 2 லட்சத்துக்கு 1,000 பங்குகள். சராசரி விலை 400-இலிருந்து 240 ஆனது. 100 ரூபாயில் 3 லட்சத்துக்கு 3,000 பங்குகள்; சராசரி 141. 40 ரூபாயில் 2 லட்சத்துக்கு 5,000 பங்குகள்; சராசரி 87-க்கும் கீழே. டீமேட் கணக்கைத் திறந்தால் சராசரி விலை என்ற கட்டத்தில் எண் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வரும், "இன்னும் இவ்வளவு ஏறினால் போதும், முதலுக்கு வந்துவிடலாம்" என்று மனம் கணக்குப் போடும். அந்தத் திரையில் எங்கும் தெரியாத எண் ஒன்று இருக்கிறது: அவருடைய மொத்தப் பணத்தில் இந்த ஒரு நிறுவனத்துக்குப் போயிருக்கும் விகிதம். அது 5 சதவீதத்தில் தொடங்கி, போட்ட முதலின் கணக்கில் 40 சதவீதம் ஆகிவிட்டது. மார்ச் 6 அன்று அவருடைய 9,250 பங்குகளின் மதிப்பு 1.48 லட்சம். போட்டது 8 லட்சம், போனது 6.52 லட்சம். அவரிடம் மிச்சம் 13.48 லட்சம்.

அதன் பிறகு இருவரும் ஆண்டுக்கு 12 சதவீதம் சம்பாதித்தாலும், முதலாமவர் பழைய 20 லட்சத்துக்குத் திரும்ப ஐந்து மாதம் ஆகும். இரண்டாமவருக்கு மூன்றரை ஆண்டு. இறங்கியதைவிட ஏற வேண்டியது எப்போதும் அதிகம் என்பதால்தான் இந்த இடைவெளி: 5 சதவீதம் இழந்தவர் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறினால் போதும், 33 சதவீதம் இழந்தவர் 49 சதவீதம் ஏற வேண்டும், 60 சதவீதம் இழந்தவர் 150 சதவீதம் ஏற வேண்டும். இழப்பு சிறியதாக இருக்கும்வரை இந்தச் சமச்சீரின்மை கண்ணுக்குத் தெரியாது; 20, 25 சதவீதத்தைத் தாண்டிய பிறகு அது ஆண்டுகளாக நம்மிடமிருந்து வசூலிக்கப்படும்.

இன்னொன்றும் இருக்கிறது. "பிடிக்கவில்லை என்றால் விற்றுவிட்டு வெளியேறலாம்" என்று நாம் நினைப்பது சாதாரண நாட்களுக்கு மட்டும் பொருந்தும். யெஸ் பேங்கை மீட்க அரசு அந்த மார்ச் மாதத்தில் அறிவித்த திட்டத்தின்படி, 100 பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதம் மூன்று ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. இரண்டாமவரால் அடுத்த சில நாட்களில் விலை துள்ளியபோதும் நான்கில் ஒரு பகுதியைத்தான் விற்றிருக்க முடியும். வாசல் நமக்குத் தேவைப்படும் அன்றே மூடப்படலாம் என்பதால், வெளியேறும் திட்டத்தை நம்பி அளவைக் கூட்டுவது சரியான காப்பு அல்ல. உள்ளே நுழையும்போதே அளவைக் கட்டுப்படுத்துவது மட்டுமே முழுதும் நம் கையில் இருப்பது.

இனி, பிரித்துப் போடுவதாக நினைத்துக்கொண்டு பிரிக்காமல் இருப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிறுவனங்களின் பெயர்களை எண்ணுவது போதாது; எந்தக் காரணத்தால் அவை விழும் என்பதை எண்ண வேண்டும். 2018 செப்டம்பரில் உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி கொடுத்துவந்த ஐஎல் அண்டு எஃப்எஸ் குழுமம் தன் கடன்களைத் திருப்பிக் கட்டத் தவறியபோது, அதனோடு நேரடித் தொடர்பில்லாத வீட்டுக்கடன், வங்கிசாரா நிதி நிறுவனங்கள் பலவற்றின் பங்குகள் ஒன்றாகச் சரிந்தன. அவை எல்லாம் சில மாதங்களில் திருப்பிக் கட்ட வேண்டிய குறுகியகாலக் கடனை வாங்கி, பல ஆண்டுகளுக்கான கடனாகக் கொடுத்துவந்தன. பழைய கடனைப் புதுப்பித்துக் கொடுக்க ஆளில்லை என்ற பயம் ஒரே நேரத்தில் எல்லோரையும் தொட்டது. வீட்டுக்கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல் செப்டம்பர் 21 அன்று ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 2021-இல் திவால் நடைமுறை முடிந்தபோது அதன் பங்குதாரர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காமல் பங்கு சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. அப்போது ஐந்து நிதி நிறுவனங்களில் தலா 8 சதவீதம் வைத்திருந்தவர் தான் பிரித்துப் போட்டிருப்பதாக நம்பியிருப்பார். உண்மையில் அவரிடம் இருந்தது 40 சதவீதம் கொண்ட ஒற்றை முதலீடு. அமைதியான காலத்தில் விலைகளின் போக்கைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அவை அப்போது தனித்தனியாகத்தான் அசையும். உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டிரண்டாக எடுத்து, "எந்த ஒரு செய்தி வந்தால் இவை இரண்டும் சேர்ந்து விழும்?" என்று கேட்டுப் பாருங்கள். வட்டி விகிதம், அமெரிக்க வாடிக்கையாளர்களின் செலவு, கச்சா எண்ணெய், அரசு ஒப்பந்தம், ஒரே குடும்பத்தின் கடன் என்று பதில் எளிதாக வந்துவிடுகிறது என்றால் அவை இரண்டையும் ஒன்றாகவே கணக்கில் கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையான கவலை இங்கேதான். வங்கிப் பங்கில் இருக்கும் 8 லட்சம் விழக்கூடிய அதே காரணத்தால்தான் உங்கள் சம்பளமும், ஊதிய உயர்வும், வேலையும் ஆபத்துக்குள்ளாகும். அந்த வங்கி நல்ல வங்கியாகவே இருக்கலாம். உள்ளே இருப்பதால் மற்றவர்களைவிட அதை நன்றாக அறிந்திருப்பதாகவும் நீங்கள் உணரலாம். கிளையில் டெபாசிட் சேர்வதும், கவுன்ட்டரில் கூட்டம் இருப்பதும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். பெருநிறுவனங்களுக்குக் கொடுத்த கடனில் எது புதுப்பிக்கப்பட்டு நல்ல கடனாகக் காட்டப்படுகிறது என்பது தலைமையகத்தில் சில பேருக்குத்தான் தெரியும். வங்கிகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அதுதான்.

எவ்வளவு என்பதை எப்படி முடிவு செய்வது? "இந்தப் பங்கு எவ்வளவு ஏறும்?" என்பதில் தொடங்காமல், "இந்த நிறுவனம் நாளைக் காலை பூஜ்ஜியமானால் என் மொத்தத்தில் எவ்வளவு போனால் என் திட்டம் மாறாது?" என்பதில் தொடங்குங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது 4 அல்லது 5 சதவீதம் என்பது என் கணிப்பு. ஒரு துறைக்கென்று இல்லாத பொதுவான மியூச்சுவல் ஃபண்ட் திட்டங்கள் ஒரே நிறுவனத்தின் பங்கில் தங்கள் சொத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது என்று செபி வரம்பு வைத்திருக்கிறது. முழுநேர ஆய்வாளர்கள் பலர் வேலை செய்யும் இடத்துக்கே அந்த வரம்பு என்றால், மாலையில் வீட்டுக்கு வந்து ஆண்டறிக்கை படிக்கும் நமக்கு அதில் பாதி நியாயமாகப் படுகிறது.

இந்த வரம்பை நான் போடும் பணத்துக்கு வைக்கிறேன், வளர்ந்த மதிப்புக்கு அல்ல. காரணம், முன்பு சொன்ன அறுபது மடங்குப் பங்கு. ஒரு பங்கு 5 சதவீதத்தைத் தாண்டும்போதெல்லாம் வெட்டிவிட்டு, விழும் பங்கில் அந்தப் பணத்தைப் போட்டுச் சமன் செய்துகொண்டே இருந்தால், கூடையைக் காப்பாற்றக்கூடிய அந்த ஒரு பங்கை நாமே வளரவிடாமல் செய்கிறோம். அதே சமயம் வளர்ந்த பங்கும் விழும் பங்காக மாறக்கூடியதுதான். சத்யமும் ஒரு காலத்தில் பலருக்குப் பல மடங்கு கொடுத்த பங்கு. எனவே புதிதாகப் போடும் பணம் 5 சதவீதத்துக்குள், தானாக வளர்ந்தால் 12 அல்லது 15 சதவீதம்வரை விட்டுவைப்பது, அதற்கு மேல் போனால் மேல்பகுதியை மட்டும் விற்பது என்பது என் வழக்கம். இந்த இரண்டாவது எண்ணுக்குக் கணித நிரூபணம் எதுவும் என்னிடம் இல்லை; இரண்டு பக்கமும் இருக்கும் ஆபத்துகளுக்கு நடுவில் நான் நிம்மதியாகத் தூங்கக் கண்ட இடம் அது. விழும் பங்கில் மேலும் வாங்குவதென்றால், முதலில் போட்டதையும் சேர்த்தே 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வாங்கும் எண்ணம் இருந்தால் ஆரம்பத்தில் 2 சதவீதம் மட்டும் போடுங்கள்.

இந்த ஒழுங்கை மனிதத் தலையீடு இல்லாமல் செய்வது, ஒரு குறியீட்டில் உள்ள நிறுவனங்களை அதே விகிதத்தில் வாங்கி வைக்கும் இன்டெக்ஸ் ஃபண்ட். நிஃப்டி 50 போன்ற குறியீட்டில் ஒரு நிறுவனத்தின் எடை அதன் சந்தை மதிப்பைப் பொறுத்தது. யெஸ் பேங்க் விழ விழ அதன் எடை தானாகச் சுருங்கியது. புதிதாக வந்த பணத்தில் அதற்குப் போன பகுதியும் சுருங்கியது. 2020 மார்ச்சில் குறியீட்டிலிருந்தே நீக்கப்பட்டு அந்த இடத்துக்கு ஸ்ரீ சிமென்ட் வந்தது. நம்முடைய இரண்டாமவர் செய்ததற்கு நேர்மாறு இது. தனிப் பங்குகளில் ஆர்வம் இருப்பவர்களும் பெரும்பகுதியை இப்படி வைத்துவிட்டு, மீதியில் தங்கள் தேர்வுத் திறமையைப் பயன்படுத்துவது நல்லது. இருபது தனிப் பங்குகளுக்கு மேல் வைத்துக்கொண்டு காலாண்டு முடிவுகளைத் தொடர்வது வேலைக்குப் போகும் ஒருவரால் முடிகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. ஐந்து பெருநிறுவன ஃபண்டுகளை வாங்கி வைப்பதிலும் பயனில்லை. உள்ளே இருப்பவை பெரும்பாலும் அதே நிறுவனங்களாகத்தான் இருக்கும்.

பிரித்துப் போடுவது எதைச் செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2008 ஜனவரியில் 6,300-ஐத் தாண்டியிருந்த நிஃப்டி அக்டோபர் இறுதியில் 2,600-க்கும் கீழே போனது. ஐம்பது நிறுவனங்களில் பிரித்திருந்தவரும் பாதிக்கு மேல் இழந்தார். சந்தை முழுவதும் விழும்போது பங்குகளுக்குள் பிரிப்பதால் பயனில்லை. பங்குக்கு வெளியே வைப்பு நிதி, பிஎஃப், கடன் பத்திரம் என்று எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அப்போது காப்பாற்றும். வேறுபாடு ஒன்று உண்டு: நிஃப்டி மீண்டு வந்தது, ஏனெனில் செத்த நிறுவனங்கள் வெளியே போய்ப் புதியவை உள்ளே வந்துகொண்டிருந்தன. தனி நிறுவனம் மீண்டு வரும் என்பதற்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை.

இப்போது உங்கள் 8 லட்சம். இதை ஒரே நாளில் விற்க வேண்டியதில்லை, பல சமயம் விற்கவும் முடியாது. முதலில் உங்கள் வங்கியின் விதிமுறை அதிகாரியிடம், உட்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பதைத் தடுக்கும் விதிகளின் கீழ், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஊழியர்களின் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா என்று கேளுங்கள். இருந்தால், ஒவ்வொரு காலாண்டு முடிவிலிருந்தும் அதன் கணக்கு வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை நீங்கள் பங்கை விற்கவோ வாங்கவோ கூடாது. மற்ற நாட்களிலும் முன்அனுமதி தேவைப்படலாம். விற்ற ஆறு மாதத்துக்குள் திரும்ப வாங்கவும் கூடாது.

பிறகு வரி. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளின் லாபத்துக்கு, ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 சதவீதம் வரி. ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். ஊழியர் பங்குத் திட்டத்தில் வந்த பங்குகளுக்கு, நீங்கள் அவற்றை எடுத்துக்கொண்ட நாளின் சந்தை மதிப்புதான் அடக்க விலை. அந்த மதிப்புக்கும் நீங்கள் கட்டிய தொகைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அப்போதே சம்பளத்தோடு வரி பிடித்திருப்பார்கள். உங்கள் அடக்கம் 5 லட்சம், லாபம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். பிப்ரவரியில், மூன்றாம் காலாண்டுக் கணக்கு வெளியான பிறகு, 3.3 லட்சத்துக்கு விற்றால் அதில் லாபம் சுமார் 1.24 லட்சம், வேறு பங்கு லாபம் இல்லையென்றால் வரி இல்லை. ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ, நான்காம் காலாண்டுக் கணக்குக்குப் பிறகு, புதிய நிதியாண்டில் இன்னொரு 3.3 லட்சம். அப்போது மிச்சம் 1.4 லட்சம், 7 சதவீதம். ஆனால் டீமேட் கணக்கில் முதலில் வந்த பங்கே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும் என்பதால், பழைய பங்குகளின் அடக்கம் குறைவாக இருந்தால் முதல் விற்பனையில் லாபம் நான் சொன்னதைவிடக் கூடும். விற்கும் முன் தேதிவாரியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வரும் பணத்தை இன்னொரு வங்கிப் பங்கில் போடாதீர்கள். நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டாலும், அந்தக் குறியீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிதித்துறை நிறுவனங்கள்தான் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் வங்கி அந்த ஐம்பதில் ஒன்றாக இருந்தால் ஃபண்ட் வழியாகவும் அது உங்களிடம் வந்து சேரும், மிச்சமிருக்கும் 1.4 லட்சத்தை மேலும் குறைக்க வேண்டுமா என்று பார்க்கும்போது அதையும் கூட்டியே கணக்கிடுங்கள்.